கறை படிந்த கடிதத்தின் மேல் பேனா வைக்காதீர்கள்

இந்த மாதம் இது மூன்றாவது. பழைய கடிதங்களையும் பத்திரங்களையும் படித்துக் கொடுப்பது என் வேலை. ஒருவர் தன் தாத்தா 1961-இல் எழுதிய கடிதத்தைக் கொண்டு வந்தார். தண்ணீர் பட்டு மை பரவியிருந்தது. "மங்கலா இருந்துச்சு சார், தெரியட்டும்னு நானே மேல எழுதிட்டேன்" என்றார். பால்பாயின்ட் பேனாவால், அழுத்தமாக. நிலத்தின் அளவு "8 மா" என்று ஆகியிருந்தது.

எல்லோரும் செய்யும் தவறு, கறுப்பாகத் தெரிவதுதான் எழுத்து என்று நம்புவது. மை ஊறிய இடத்தில் அப்படி இல்லை. தாள் காயும்போது ஈரம் சாயத்தை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போகிறது. ஈரம் எங்கே நின்றதோ அங்கே அடர்த்தியான ஒரு கோடு படியும். அது பேனா போட்ட கோடு இல்லை, தண்ணீர் போட்ட கரை. அந்தக் கரை ஒரு 3-இன் இடப்பக்கமாகப் போனால், பார்ப்பவர் கண்ணுக்கு அது 8. பக்கத்து எழுத்துக்குள் கரை நுழைந்தால் சுழி அடைபட்டுவிடும். அப்புறம் ன எது, ண எது என்று சுழியை எண்ணவே முடியாது.

நல்லவேளை, தாத்தா எழுதியது நீலக்கறுப்பு மை. அதில் நீலச் சாயம்தான் ஓடும். இரும்பு கலந்த கறுப்பு, பேனா போன தடத்திலேயே பெரும்பாலும் தங்கிவிடும். வண்ணப் படம் எடுத்து, GIMP மென்பொருளில் Decompose கொடுத்து மூன்று நிறங்களாகப் பிரித்து, நீலத்தை மட்டும் பார்த்தேன். அதில் நீலக் கறை வெளுத்துப்போகும், இரும்புக் கோடு கறுப்பாக நிற்கும். வெறும் நீல மையானால் இது உதவாது. அதற்குச் சிவப்பைப் பார்க்க வேண்டும், அங்கே மங்கிய கோடும் கறையும் சேர்ந்தே அடர்த்தியாகும்.

முதல் பக்கத்து எண்ணை மீட்க முடியவில்லை. பால்பாயின்ட் முனை தாளைக் குழித்து, பழைய நிப்பின் தடத்தையே அழித்துவிட்டது. இரண்டாம் பக்கத்தில் அதே அளவு மறுபடி வந்தது, அங்கே அவர் கை வைக்கவில்லை. கடிதத் தலைப்பில் இருந்த "18-8-61" என்ற தேதியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தாத்தாவின் 8-இல் நடுவில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டுகின்றன. கறை படிந்த எண்ணில் வெட்டு இல்லை, இடப்பக்கம் இரும்புக் கோடும் இல்லை. அது 3 மா.

தயவுசெய்து மேலே எழுதாதீர்கள். ஈரமாக இருந்தால் துடைக்காதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். மை ஒற்றும் தாள்களுக்கு நடுவே வைத்து, தேய்க்காமல் காயவிடுங்கள். மடித்த கடிதமானால் எதிர்ப்பக்கத்து மை கண்ணாடி பிம்பம்போலத் திரும்பி ஒட்டியிருக்கும், அதையும் எழுத்தென்று படித்துவிடாதீர்கள். போனில் ஸ்கேன் செயலியின் கறுப்பு வெள்ளைப் படம் மட்டும் அனுப்பாதீர்கள், அதில் கறையும் கோடும் ஒன்றாகிவிடும். பகல் வெளிச்சத்தில் சாதாரண வண்ணப் படம் ஒன்று போதும்.