கே-அனானிமிட்டி: கூட்டமறைவு

ஒரு கடவுச்சொல் ஏற்கெனவே எங்காவது கசிந்திருக்கிறதா என்று பார்க்க, அந்தக் கடவுச்சொல்லையே இன்னொருவரிடம் கொடுத்தால் அதுவே ஒரு கசிவு ஆகிவிடும். இந்தச் சிக்கலுக்கான தீர்வைப் பேசும்போது கே-அனானிமிட்டி என்ற சொல் வரும்.

அனானிமிட்டியின் வேர் கிரேக்கம். 'அன்' என்பது இன்மை, 'ஒனோமா' என்பது பெயர். நம்மிடம் வடமொழி வழி வந்த அநாமதேயமும் இதே அமைப்புதான்: அ + நாமதேயம். 'கே' என்பது ஓர் எண்ணுக்கான குறி. ஒரு பதிவு குறைந்தது கே பதிவுகள் கொண்ட கூட்டத்தில் மற்றவற்றிலிருந்து பிரித்தறிய முடியாமல் இருக்க வேண்டும் என்பது பொருள்.

1990களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம், அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளைப் பெயர் நீக்கி ஆய்வாளர்களுக்குக் கொடுத்தது. பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றும் அப்படியே இருந்தன. அப்போது கணினி அறிவியல் மாணவியாக இருந்த லட்டான்யா ஸ்வீனி அவற்றை வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டு, ஆளுநர் வில்லியம் வெல்டின் பதிவை அடையாளம் கண்டார். ஸ்வீனியும் பியராஞ்சலா சமராட்டியும் 1998-ல் கே-அனானிமிட்டி என்ற கருத்தை முன்வைத்தார்கள்.

பெயரை நீக்கியும் ஆள் தெரிந்துவிட்டார் என்பதால், தமிழில் 'பெயரின்மை' என்றோ 'அநாமதேயம்' என்றோ சொன்னால் விஷயம் நழுவிவிடுகிறது. மறைப்பது பெயரின் இன்மை அல்ல, சுற்றியிருக்கும் கூட்டம். அதனால் 'கூட்டமறைவு' என்பதே என் தேர்வு. எண்ணைக் குறிக்க வேண்டிய இடத்தில் கே-கூட்டமறைவு எனலாம்.

சரி, கடவுச்சொல்லுக்கு இது எப்படி வந்தது? ஆஸ்திரேலியாவின் இணையப் பாதுகாப்பு ஆய்வாளர் டிராய் ஹன்ட் 2017-ல் கசிந்த கடவுச்சொற்களின் ஹாஷ் பட்டியலை வெளியிட்டார். ஹாஷ் என்பது ஒரு சொல்லிலிருந்து கணக்கிட்டு எடுக்கும், நேரடியாகத் திருப்பி மாற்ற முடியாத குறியீடு. இணையம் வழியே அதில் தேட, கடவுச்சொல்லையோ அதன் முழு ஹாஷையோ அனுப்ப வேண்டியிருந்தது. எளிய கடவுச்சொல்லின் முழு ஹாஷைப் பார்த்தாலே அதைக் கண்டுபிடித்துவிடலாம். 2018 பிப்ரவரியில் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் ஜுனைட் அலி கூட்டமறைவைக் கொண்டுவந்தார். 40 எழுத்துள்ள ஷா-1 ஹாஷின் முதல் 5 எழுத்தை மட்டும், அதாவது முன்னொட்டை மட்டும், அனுப்பினால் போதும்.

password என்ற சொல்லையே சோதிப்போம்:

```
printf '%s' 'password' | sha1sum
5baa61e4c9b93f3f0682250b6cf8331b7ee68fd8  -

curl -s https://api.pwnedpasswords.com/range/5BAA6 |
  grep -i 1e4c9b93f3f0682250b6cf8331b7ee68fd8
```

சர்வருக்குப் போவது `5BAA6` மட்டும். அது அப்படித் தொடங்கும் எல்லா ஹாஷ்களின் மீதி 35 எழுத்துகளையும், ஒவ்வொன்றும் எத்தனை முறை கசிவுகளில் வந்தது என்ற எண்ணையும் திருப்பித் தரும். நம்முடையது அதில் இருக்கிறதா என்று நம் கணினிதான் தேடுகிறது. தேடலின் முடிவு சர்வருக்குத் தெரியவே தெரியாது. 16 குறிகளால் 5 இடங்களை நிரப்பினால் 10,48,576 முன்னொட்டுகள் கிடைக்கும். 2018-ல் பட்டியலில் சுமார் 50 கோடி ஹாஷ்கள் இருந்ததால், ஒரு கூட்டத்துக்குச் சராசரியாக 478 வந்தது. பட்டியல் வளர வளரக் கூட்டமும் பெரிதாகிறது.

இந்தக் கட்டளையில் `printf`-க்குப் பதில் வெறும் `echo` போட்டால், சொல்லின் முடிவில் ஒரு வரி முறிவும் சேர்ந்து ஹாஷே வேறாகிவிடும். மிக மோசமான கடவுச்சொல்லுக்கும் 'பட்டியலில் இல்லை' என்றே பதில் வரும். எனவே முதலில் password-ஐப் போட்டுப் பாருங்கள், அது கிடைக்காவிட்டால் பிழை கட்டளையில்தான். அப்புறம், உங்கள் உண்மையான கடவுச்சொல்லை இப்படித் தட்டச்சு செய்தால் அது டெர்மினலின் வரலாற்றில் பதிவாகிவிடலாம்.

இந்த மறைவுக்கு ஓர் எல்லை உண்டு. கூட்டத்தில் இருப்பவை எல்லாம் சம வாய்ப்பு கொண்டவை அல்ல. ஒருவர் `5BAA6` கேட்டார் என்று தெரிந்தால், அந்தக் கூட்டத்தில் மிக அதிக முறை கசிந்த password-ஐத்தான் எவரும் முதலில் ஊகிப்பார். இணைப்பு மறையாக்கம் செய்யப்பட்டிருந்தாலும், பதிலின் அளவை வைத்தே முன்னொட்டை ஊகிக்க இடமுண்டு. அதனால்தான் 2020-ல் `Add-Padding: true` என்ற தலைப்பு வரி வந்தது. அதைச் சேர்த்துக் கேட்டால் பதிலில் போலி வரிகளும் கலந்து வரும், அவற்றின் எண்ணிக்கை 0 என்றிருக்கும். நிரல் எழுதுபவர்கள் அந்த 0 வரிகளைத் தள்ளிவிட வேண்டும்.