பனடோல் எண்டா எந்தக் குளிசை? அகராதி சொல்றதும் கவுண்டர்ல நடக்கிறதும்

திருகோணமலை டவுன்ல பாமசி வச்சிருக்கிற ஆக்கள் யாரக் கேட்டாலும் ஒண்டு சொல்லுவாங்க, பரசிட்டமோல் தாங்க எண்டு கேட்டு வாற சனம் குறைவு. பனடோல் தாங்க எண்டுதான் கேப்பாங்க. கிண்ணியாவில இருந்து வந்தாலும் அதுதான், மூதூர்ல இருந்து வந்தாலும் அதுதான், காய்ச்சல் எண்டாலும் தலையிடி எண்டாலும் பனடோல்தான். பிள்ளைக்குக் கட்டுற நாப்கின் எந்தக் கம்பனியா இருந்தாலும் பம்பர்ஸ் எண்டு சொல்ற மாதிரி இதுவும் எங்கட வாயில ஒரு சாதாரணச் சொல்லாப் போயிட்டு. பம்பர்ஸ்ல பேர் மாறினா ஒண்டும் நடக்காது. மருந்தில மாறினா ஈரல் வரைக்கும் போகும், அதாலதான் இத எழுதுறன்.

போன மழைக்காலத்தில உப்புவெளிப் பக்கம் இருந்து ஒரு அம்மா என்ட பாமசிக்கு வந்தவ (ஆள் தெரியாம இருக்க சில விபரங்கள மாத்தித்தான் எழுதுறன்). ரெண்டு நாளாக் காய்ச்சல், உடம்பு முறிச்சுப் போடுது. “தம்பி, ஆஸ்பத்திரியில தந்த குளிசை வேலை செய்யுதில்ல, ஒரு கார்ட் பனடோல் தாங்க” எண்டு கேட்டா. ஆஸ்பத்திரியில என்ன தந்தவங்க அம்மா எண்டு கேட்டதுக்கு, பேக்குக்குள்ள இருந்து அந்த வெள்ளைக் கடதாசிக் கவர எடுத்துக் காட்டினா, அதில பரசிட்டமோல், ரெண்டு ரெண்டாக நாலு நேரம் எண்டு எழுதியிருக்கு. அதோட வீட்டில இருந்த பனடோல் ஏதும் போட்டீங்களா எண்டு கேட்டன், ஓம், விடியக்காலம் ரெண்டு, பின்னேரம் ரெண்டு. வேற ஏதும்? முழங்கால் நோவுக்கு மகள் கனடாவில இருந்து அனுப்பின டைலனோல், அது ராவில ரெண்டு.

கணக்குப் பாருங்க. ஆஸ்பத்திரிக் குளிசை ஒண்டு 500 மில்லிகிராம், எட்டுக் குளிசை எண்டா 4 கிராம், அதுவே சுகதேகியான பெரியாள் ஒருத்தருக்கு 24 மணித்தியாலத்துக்கு உச்ச அளவு. பனடோல் நாலு, இன்னொரு 2 கிராம். அவ போட்ட டைலனோலும் 500 தான், ரெண்டு எண்டா 1 கிராம். எல்லாம் சேத்து 7 கிராம். அந்த அம்மா நினைச்சது தான் மூண்டு வித்தியாசமான மருந்து பாவிக்கிறன் எண்டு, ஒண்டு ஆஸ்பத்திரிக் குளிசை, ஒண்டு பனடோல், ஒண்டு கனடாக் குளிசை. ஆனா மூண்டுக்குள்ளயும் இருந்தது ஒரே சாமான். கனடாவிலயும் அமெரிக்காவிலயும் பரசிட்டமோல அசிட்டமினோஃபென் எண்டு சொல்றாங்க, ஒரே இரசாயனப் பேர ரெண்டு இடத்தில வெட்டி எடுத்ததால வந்த ரெண்டு பேர் அது. கார்ட்டத் திருப்பிப் பாத்தாலும் எங்கட ஆக்களுக்கு விளங்காது.

அவவுக்கு நான் கார்ட் குடுக்கல்ல, மகனக் கூப்பிட்டு எல்லாக் கவரையும் கார்ட்டையும் கையில குடுத்து நேர பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினன், ரத்தம் பாக்க வேணும், ரெண்டு நாள் காய்ச்சல் எண்டா டெங்கும் பாக்க வேணும். பரசிட்டமோல் கூடிப்போனா வாற பிரச்சினை என்னண்டா, முதல் நாள் பெரிசா ஒண்டும் தெரியாது, ஓங்காளம், சத்தி, சாப்பாட்டு மனமில்லாம இருக்கும், சில பேருக்கு அதுவும் இல்ல. ஈரல் பழுதாகிற அறிகுறி, வலப்பக்க மேல்வயிறு நோகிறது, கண் மஞ்சளாகிறது எல்லாம் ரெண்டு மூண்டு நாள் கழிச்சுத்தான் வரும். மாற்று மருந்து இருக்கு, அசிட்டைல்சிஸ்டீன் எண்டு, ஆனா ஒரேயடியாக் கூடப் போட்டிருந்தா 8 மணித்தியாலத்துக்குள்ள ஏத்தத் தொடங்கினாத்தான் அது நல்லா வேலை செய்யும். சுகமா இருக்கிறன், பிறகு போறன் எண்டு வீட்டில இருக்கக் கூடாது எண்டு சொல்றது இதாலதான்.

இனி அகராதிக்கு வாறன். ஆங்கில அகராதி ஒண்டில அஸ்பிரின் எண்டு தேடினா, அது சின்ன எழுத்தில, மேசை கதிரை மாதிரி ஒரு சாதாரணப் பெயர்ச்சொல்லா இருக்கும். பனடோல் எண்டு தேடினா, இருக்கிற அகராதிகள்ல பெரிய எழுத்தில தொடங்கி, பக்கத்தில வர்த்தகக் குறி எண்டு ஒரு குறிப்போட இருக்கும். ரெண்டும் கம்பனி வச்ச பேர்தான். ஒண்டு ஊர்ச் சொத்தாகி மற்றது ஆகாம நிக்கிறது ஏன் எண்டு பாத்தா, எங்கட கவுண்டர்ல நடக்கிறது நல்லா விளங்கும்.

அஸ்பிரின் எண்ட பேர ஜெர்மனியில பேயர் கம்பனி பதிஞ்சது 1899ல. அமெரிக்காவில அந்த மருந்துக்கு இருந்த காப்புரிமை 1917ல முடிஞ்சுது. அது இருந்த காலத்தில அங்க வேற ஆருக்கும் அத உற்பத்தி செய்ய ஏலாது, ஆனா பேயர் கனகாலம் தன்ர தூள மற்றக் கம்பனிகளுக்கு வித்தது, அவங்க அத குளிசையாக்கி, தங்கட பேரப் போட்டு, அஸ்பிரின் எண்டு லேபல் ஒட்டிச் சனத்துக்கு வித்தாங்க. வாங்கிற ஆளுக்கு பேயர் எண்ட பேரே தெரியாது, அந்தக் குளிசைக்கு அஸ்பிரின் எண்டத விட வேற பேரும் தெரியாது. வழக்கு வந்து 1921ல லேர்னட் ஹாண்ட் எண்ட நீதிபதி தீர்ப்பச் சொல்லும்போது அவர் கேட்ட கேள்வி ஒண்டுதான், இந்தப் பேரக் கேட்டா வாங்கிற ஆள் என்ன விளங்கிக்கொள்றார்? டொக்டர்மாரும் மருந்துக்கடைக்காரரும் அஸ்பிரின் எண்டா பேயரோடது எண்டு விளங்கிக்கொள்றாங்க, சாதாரண சனம் அது ஒரு வகை மருந்து எண்டு விளங்கிக்கொள்ளுது. அதால சனத்துக்கு நேர விக்கிற இடத்தில அந்தப் பேர ஆரும் பாவிக்கலாம் எண்டு முடிச்சார். ஆனா கனடாவில அஸ்பிரின் இண்டைக்கும் பேயரோட வர்த்தகக் குறிதான், மற்றக் கம்பனிகள் அங்க ஏஎஸ்ஏ எண்டு போட்டு விப்பாங்க. கனடாப் பார்சல்ல அப்பிடி ஒரு போத்தல் வந்தா புதுமருந்து எண்டு நினைச்சிராதீங்க, அஸ்பிரின்தான்.

அந்த நீதிபதி பிரிச்ச ரெண்டு கூட்டமும் திருகோணமலையிலயும் அப்பிடியே இருக்கு. எனக்கு பனடோல் எண்டா ஒரு கம்பனியோட பொருள். கவுண்டருக்கு அங்கால நிக்கிற ஆளுக்கு அது காய்ச்சல் குளிசை, அவ்வளவுதான். சில பேருக்கு அதுக்கும் மேல, நோவுக்குப் போடுற எல்லாமே பனடோல். “சிவப்புப் பனடோல்” கேட்டு ஒரு ஐயா வந்தார், காட்டச் சொன்னா அது டைக்ளோஃபெனக் எண்ட வேற ஒரு நோவுக் குளிசை. டெங்குக் காலத்தில அந்தக் குளிசை போட்டா ரத்தம் கசியிற ஆபத்துக் கூடும், டெங்குச் சந்தேகம் இருந்தா அதுவும் கூடாது, ஐபுப்ரொஃபெனும் கூடாது, அஸ்பிரினும் கூடாது, காய்ச்சலுக்கு பரசிட்டமோல் மட்டும்தான், அதுவும் அளவோட. (இருதயத்துக்கு டொக்டர் தந்த அஸ்பிரின் போடுற ஆக்கள் தாங்களா நிப்பாட்டாம உடனடியா டொக்டரக் கேக்க வேணும்.)

அகராதியில வர்த்தகக் குறி எண்டு போடுறது ஆருக்காக எண்டதும் தெரிஞ்சிருக்க வேணும். ஐரோப்பிய ஒன்றியத்தில பதிஞ்ச ஒரு பேர அகராதி சாதாரணச் சொல் மாதிரிக் காட்டினா, அந்தக் குறிக்குச் சொந்தக்காரர் பதிப்பாளரிட்டக் கேக்கலாம், அச்சுப் புத்தகம் எண்டா கடைசி அடுத்த பதிப்பிலயாவது இது பதிஞ்ச குறி எண்டு போட வேணும் எண்டு சட்டமே இருக்கு. அகராதி ஒரு பேர சின்ன எழுத்தில போட்டுட்டா அந்த நிமிசமே கம்பனி பேர இழந்திடும் எண்டும் இல்ல, கோட்டில அது ஒரு சாட்சி மட்டும்தான், பெரிய சாட்சி வாங்கிற சனத்தின்ர விளக்கம். அப்ப அந்தக் குறிப்பு சொல்றது பேர் ஆற்ற எண்டு. உள்ளுக்க என்ன இருக்கு, எத்தின போடலாம் எண்டு சொல்றது அதின்ர வேலையில்ல. அஸ்பிரின் சின்ன எழுத்தில இருக்கிறதால அது பனடோல விடப் பயமில்லாத மருந்து எண்டும் இல்ல. இதே பேயர் வச்ச இன்னொரு பேர்தான் ஹெரோயின், அதுவும் இண்டைக்குச் சின்ன எழுத்துத்தான்.

தமிழில இன்னொரு சிக்கல். எங்கட எழுத்தில பெரிசு சின்னன் இல்ல. பனடோல் எண்டு எழுதினாலும் பரசிட்டமோல் எண்டு எழுதினாலும் பாக்க ரெண்டும் ஒரே மாதிரித்தான், எது கம்பனிப் பேர், எது மருந்துப் பேர் எண்டு கண்ணால பிடிக்க ஏலாது. பரசிட்டமோல் எண்டது உலக சுகாதார நிறுவனம் அங்கீகரிச்ச பொதுப்பேர், அத ஒரு கம்பனியும் தன்ர எண்டு பதிய ஏலாது, இலங்கையில விக்கிற எந்தக் கம்பனிக் கார்ட்டிலயும் அது இருக்கும். இலங்கையில பேராசிரியர் சேனக பிபிலே எழுபதுகள்லயே பொதுப்பேர்ல மருந்து வாங்கி விக்க வேணும் எண்டு நிண்டவர், ஒசுசல எல்லாம் அந்த வழியில வந்ததுதான். அரசாங்க ஆஸ்பத்திரிக் கவர்ல பரசிட்டமோல் எண்டு எழுதுறாங்க, வீட்டில பனடோல் எண்டு சொல்றம், ரெண்டும் ஒண்டு எண்டு சொல்லிக்குடுக்கிற இடம்தான் இல்ல.

அதால நான் என்ட கடையில செய்யிறது இது. பனடோல் கேட்டு வந்தா அந்தக் கம்பனிக் கார்ட்தான் வேணுமா, வேற கம்பனிப் பரசிட்டமோல் தரட்டா எண்டு கேப்பன், பிறகு வீட்டில வேற என்ன குளிசை ஓடுது எண்டு கேப்பன், தடிமல் குளிசையையும் சேத்துத்தான், ஏனெண்டா கனக்கத் தடிமல் குளிசைக்குள்ள பரசிட்டமோல் கலந்திருக்கு. கவர்ல பேனையால பரசிட்டமோல் = பனடோல் = டைலனோல், 500 மில்லிகிராம் குளிசை எண்டா எல்லாம் சேத்து ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல வேணாம் எண்டு தமிழில எழுதிக் குடுப்பன். மெலிஞ்ச ஆக்கள், 50 கிலோவுக்குக் குறைஞ்சவங்க, குடிக்கிற ஆக்கள், ஈரல் வருத்தக்காரருக்கு அந்த எட்டும் கூட, அவங்க டொக்டரக் கேட்டுத்தான் போட வேணும். பிள்ளைகளுக்கு குளிசைக் கணக்கே இல்ல, எத்தின கிலோ எண்டு பாத்துப் பாணிய அளக்க வேணும்.

தமிழ் அகராதி செய்யிற ஆக்கள் இத வாசிச்சா ஒரு வேண்டுகோள். பனடோல் எங்கட பேச்சில இருக்கிற சொல்தான், அத விட்டிட்டு அகராதி போட ஏலாது. ஆனா பதிவு செய்யேக்க இப்பிடிப் போடுங்க: பனடோல், பெயர்ச்சொல், பரசிட்டமோல் என்னும் மருந்தின் வணிகப் பெயர்களுள் ஒன்று, இலங்கைப் பேச்சு வழக்கில் காய்ச்சல், வலிக்கான குளிசை எதையும் குறிக்கும், பரசிட்டமோல் பார்க்க.