முண்டாசின் விளிம்பு எங்கே நிற்க வேண்டும்: நினைவுப் படங்களில் தலையணியைச் சேர்ப்பது பற்றி

படத்திறப்புக்கான நினைவுப் படங்களைத் தயாரிக்கும் வேலை எங்கள் ஸ்டுடியோவுக்கு மாதத்தில் சில முறையாவது வந்துவிடும். கொங்குப் பகுதியைச் சேர்ந்த ஒரு விவசாயியின் குடும்பத்தார் கொண்டுவந்த படம் பேத்தியின் கல்யாணத்தில் கைபேசியில் எடுத்த குழுப்படம். அதில் பெரியவர் வெறுந்தலையுடன் நின்றிருந்தார். ஆனால் வாழ்நாளெல்லாம் வெள்ளைத் துண்டை முண்டாசாகக் கட்டியிருந்தவர் என்பதால், அந்த முண்டாசோடுதான் படம் வேண்டும் என்றார்கள்.

இப்படிப்பட்ட வேலையை இணையத்தில் கிடைக்கும் ஒரு தலைப்பாகைப் படத்தை வெட்டியெடுத்துத் தலையில் வைத்து அரைமணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆரம்பத்தில் நானும் அப்படித்தான் செய்தேன். இந்தப் பெரியவரின் முதல் பிரதியைப் பார்த்த அவருடைய மனைவி, "அவரு காது இப்பிடி நிக்காதுங்க தம்பி, துண்டு கட்டினா மேல்காது கொஞ்சம் மடங்கி வெளிய வந்துரும்" என்றார். துணியின் மடிப்பையும் நிறத்தையும் சரிபார்ப்பதில் முழு நாளைச் செலவிட்டிருந்த எனக்கு, காதைப் பற்றிய நினைப்பே வரவில்லை.

அதன்பின் மூலப் படத்தைப் பெரிதாக்கி நிதானமாகப் பார்த்தபோதுதான், நான் முதலிலேயே கவனித்திருக்க வேண்டிய ஒன்று கண்ணில் பட்டது. பெரியவரின் நெற்றி இரண்டு நிறமாக இருந்தது. புருவத்துக்கு மேல் சிறிது தூரம் வரை வெயிலில் கறுத்த தோல், அதற்கு மேல் முடி தொடங்கும் இடம் வரை சற்று வெளிறிய தோல். பல ஆண்டுகள் ஒரே இடத்தில் துண்டு நின்றதன் தடம் அது. முண்டாசின் கீழ்விளிம்பு எங்கே நிற்க வேண்டும் என்பதை நான் ஊகிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. படத்திலேயே கோடு போட்டிருந்தது. முதல் பிரதியில் நான் விளிம்பை அந்தக் கோட்டுக்கு மேலே வைத்திருந்ததால், துணிக்கும் கறுத்த தோலுக்கும் நடுவே வெளிறிய ஒரு பட்டை தெரிந்தது. வீட்டார் அதைச் சொல்லத் தெரியாமல் "என்னமோ மாதிரி இருக்கு" என்று மட்டும் சொன்னார்கள். தொப்பியோ தலைப்பாகையோ தினமும் அணிந்தவர்களின் படத்தில் இந்தத் தடத்தைத் தேடுவதுதான் இப்போது என் முதல் வேலை.

அடுத்தது அளவு. சேர்க்கப்பட்ட தலையணி பொய்யாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் காரணம், அது மண்டையைவிடச் சிறியதாக இருப்பதுதான். நேராகப் பார்க்கும் முகத்தில் கண்கள் தலையின் உயரத்தில் ஏறக்குறையப் பாதியில் இருக்கும். அதாவது தாடையிலிருந்து கண்வரை எவ்வளவோ, கண்ணிலிருந்து உச்சிவரையும் ஏறத்தாழ அவ்வளவு. இந்தப் படத்தில் தாடைக்கும் கண்ணுக்கும் இடையே 190 பிக்சல் இருந்தது. ஆகவே உச்சி, கண்ணுக்கு மேல் இன்னொரு 190 பிக்சலில். தாடையிலிருந்து உச்சிவரை பெரியவர்களின் தலை சுமார் 23 சென்டிமீட்டர் என்று கொண்டால், ஒரு சென்டிமீட்டருக்கு 16 அல்லது 17 பிக்சல் வருகிறது. மடித்துச் சுற்றிய துண்டின் தடிமன் இரண்டரை சென்டிமீட்டர் என்றால், உச்சிக்கு மேலேயும் பக்கங்களிலும் சுமார் 40 பிக்சல் துணி வெளியே தெரிந்தாக வேண்டும். என் முதல் பிரதியில் துணி உச்சியோடு ஒட்டி நின்றதால், மண்டையைச் சீவிவிட்டு மூடியதுபோல் இருந்தது. கேமரா முகத்துக்கு மேலிருந்தோ கீழிருந்தோ பார்த்திருந்தால் இந்தப் பாதிக்கணக்கு மாறும். அப்போது அளவுகோலை நம்பாமல் கண்ணை நம்ப வேண்டியதுதான்.

இந்த முறை துணிக்காக இணையத்துக்குப் போகவில்லை. பெரியவரின் தம்பியை வரவழைத்து, அதே வீட்டுத் துண்டை அவர்கள் வழக்கப்படி கட்டச் சொல்லி, கல்யாணப் படத்தில் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வந்ததால் இந்தப் படத்திலும் ஜன்னல் அதே பக்கம் வருமாறு அவரை நிறுத்தி, இரண்டு மீட்டர் தள்ளி நின்று எடுத்தேன். கிட்டே நின்று எடுத்தால் முன்பக்க மடிப்பு புடைத்து, காதுப்பக்கம் பின்னால் ஓடிவிடும். பிறகு அது எந்த முகத்திலும் பொருந்தாது.

இனி காதும் கிருதாவும். ஃபோட்டோஷாப்பில் கீழே மூலப் படமும் அதன் மேல் முண்டாசும் இருக்கும் என்றால், இரண்டு காதுகளையும் மூலப் படத்திலிருந்து தனித்தனி லேயராகப் பிரதியெடுத்து முண்டாசுக்கும் மேலே வைக்க வேண்டும். ஏனென்றால் காது தலையோடு சேரும் இடத்துக்கு மேலாகத் துணி சென்று பின்னால் இறங்குகிறது. காதுமடலின் மேல்நுனி துணிக்கு முன்னால் நிற்கிறது. அந்த நுனியை, வடிவத்தை வளைக்கும் Warp கருவி கொண்டு சிறிதளவு வெளியேயும் கீழேயும் தள்ளினேன். இரண்டு காதையும் ஒரே அளவு தள்ளக்கூடாது. துண்டின் முடிச்சு வரும் பக்கம் அழுத்தம் கூடுதல் என்பது தம்பியின் படத்திலேயே தெரிந்தது. காதின் சிறு நிழல் துணிமேல் விழவில்லையென்றால் காது ஒட்டவைத்ததுபோல் தெரியும்.

கிருதாவில் நடக்கும் தவறு வேறு. துணி தெரிய வேண்டிய எல்லையை வகுக்கும் மாஸ்க்கின் விளிம்பு முடியைக் கத்தரித்ததுபோல் நேர்கோட்டில் நிறுத்திவிடும். உண்மையில் முடி துணிக்கு அடியில் நுழைகிறது. சில இழைகள் மட்டும் துணி விளிம்பின்மேல் ஏறி நிற்கின்றன. ஆகவே முடி நுழையும் இடத்தைச் சற்று இருளாக்கி, ஒன்றிரண்டு பிக்சல் தூரிகையால் நரையும் கறுப்புமாக ஆறேழு இழைகளை மட்டும் துணிமேல் இழுத்தேன். இதற்கு மேல் போனால் அது வரைந்த முடியாகிவிடும்.

நெற்றியில் துணியின் நிழலுக்கு, கீழுள்ள நிறத்தை இருளாக்கும் Multiply முறையில் இரண்டு லேயர்கள் போதும்: விளிம்பை ஒட்டி மெல்லியதாக ஒன்று, அதற்குக் கீழே அகன்று மங்கலாக இன்னொன்று. நிறத்தைக் கறுப்பாக எடுக்காமல், அதே நெற்றியின் இருண்ட பகுதியிலிருந்து எடுக்க வேண்டும். கறுப்பு நிழல் தோலில் மையைத் தடவியதுபோல் இருக்கும். கைபேசிப் படத்தின் துகள்போன்ற புள்ளிகள் முகத்தில் இருக்க, நல்ல கேமராவில் எடுத்த துணி பளிச்சென்று நின்றதால், துணியைச் சிறிது மங்கலாக்கி அதே துகளைச் சேர்த்தேன். கடைசியில் படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்த்தபோது, வலப்பக்க விளிம்பு இரண்டு பிக்சல் ஏறியிருந்தது தெரிந்தது.

தலையணியைச் சேர்ப்பதைவிட எடுப்பது கடினம். மப்ளரோ குரங்குக் குல்லாவோ மறைத்த முடியின் எல்லை படத்தில் இல்லவே இல்லை. அதே காலத்து வேறொரு படம் கிடைக்காவிட்டால் நான் வரைவது வேறொருவரின் நெற்றியாகத்தான் இருக்கும், அதனால் அந்த வேலையை மறுத்துவிடுகிறேன். பாஸ்போர்ட் படத்தில் தலையணியைச் சேர்த்தோ நீக்கியோ தரும்படி கேட்பவர்களுக்கும் அதே பதில்தான். மதக் காரணத்துக்காகத் தலையை மூடுவோரும்கூடத் தாடையிலிருந்து நெற்றியின் மேற்பகுதிவரையும் முகத்தின் இரு ஓரங்களும் தெரியும்படி புதிதாகப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். திருத்திய படம் அங்கே செல்லாது.

பெரியவரின் படத்தை 12க்கு 18 அங்குலத்தில் அச்சிட்டு, வெறுந்தலையுடன் இருந்த மூலக் கோப்பையும் சேர்த்துக் கொடுத்தேன். சட்டத்தின் பின்புறம், முண்டாசு பின்னர் சேர்க்கப்பட்டது என்று பென்சிலால் எழுதியிருந்தேன். அவருடைய மனைவி முகத்தைப் பார்ப்பதற்கு முன் இரண்டு காதுகளையும் பார்த்தார். "முடிச்சு இந்தப் பக்கந்தானுங்க" என்று இடது காதைத் தொட்டுக் காட்டிவிட்டு, படத்தை மகனிடம் கொடுத்தார்.