வாடகை வீட்டில் மின்ஸ்கூட்டருக்கு சார்ஜிங் பாயிண்ட்: ஓனர் மறுத்தால் என்ன வழி?

மின்ஸ்கூட்டர் வாங்கிய பிறகு, கீழே ஒரு பிளக் பாயிண்ட் போட ஹவுஸ் ஓனர் விடாததால் தவிக்கும் வாடகைக் குடும்பங்களைச் சென்னையில் நிறையப் பார்க்கிறேன். ஈபி ஆபீஸுக்குப் போனால், "ஓனர் லெட்டர் இல்லாமல் எதுவும் நடக்காது" என்று திருப்பி அனுப்புகிறார்கள். இந்தப் பதில் பாதிதான் சரி.

தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டத்தில், சார்ஜிங் பாயிண்டுக்கு ஓனர் சம்மதித்தே ஆகவேண்டும் என்ற விதி கிடையாது. அவர் சுவரில் ஒயர் இழுக்க அவர் சம்மதம் வேண்டும். அதனால் சண்டையை அங்கே தொடங்காதீர்கள். முதலில் உங்கள் மீட்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

பெரும்பாலான மாடி வீடுகளில் எல்லாப் போர்ஷன்களின் மீட்டர் போர்டும் தரைத்தளத்தில், வண்டி நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும். உங்கள் போர்ஷனுக்குத் தனி சர்வீஸ் எண் இருந்தால், புது இணைப்பே வேண்டாம். உங்கள் மீட்டருக்குப் பின்னால் லோடு அதிகமானால் தானாகத் துண்டிக்கும் தனி எம்சிபி, மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி, ஒரு 16 ஆம்பியர் சாக்கெட், இவ்வளவுதான். எர்த் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதியுங்கள். பழைய வீடுகளில் மூன்றாவது துளை வெறும் அலங்காரமாக இருப்பதுண்டு. பால்கனியிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயரைத் தொங்கவிட்டு மழையில் சார்ஜ் போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஓனரின் பயம் பெரும்பாலும் பில்லைப் பற்றியது. கணக்கைக் காட்டுங்கள். 3 யூனிட் பேட்டரி முழுதாக ஏறச் சுமார் 3.5 யூனிட் இழுக்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்றால் இரண்டு மாதத்துக்கு 105 யூனிட் வரும். உங்கள் மீட்டரில் ஓடும்வரை இது அவர் பையைத் தொடாது. உங்களைத்தான் தொடும்: இப்போது 430 யூனிட் ஓடுகிற வீடு 500-ஐத் தாண்டும், தாண்டினால் 101 முதல் 200 வரை கிடைத்த குறைந்த விலைத் தட்டும் போய்விடும். பொது விளக்கு மீட்டரிலிருந்து ஒயர் எடுக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அதன் கட்டணம் வேறு, பில்லில் பங்கு பிரிக்கும்போது பக்கத்து வீட்டாரோடும் தகராறு வரும்.

அனுமதியை வாய்மொழியாக விட்டுவிடாதீர்கள். எந்தச் சுவர், யார் மீட்டர், செலவு யாருடையது, காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாமா, துளையை யார் அடைப்பது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள், வேலைக்கு முன்னும் பின்னும் படம் எடுங்கள். இந்தத் தாள் இல்லாதவர்களிடம்தான் காலி செய்யும் நாளில் "சுவரைக் கெடுத்துவிட்டீர்கள்" என்று அட்வான்ஸில் கை வைக்கிறார்கள்.

சரி, சப் மீட்டர் வீடாக இருந்தால்? ஈபி கணக்கில் நுகர்வோர் ஓனர்தான், யூனிட்டுக்கு எவ்வளவு என்பதும் அவர் சொல்வதுதான். அப்போதுதான் உங்கள் பெயரில் தனி இணைப்பு என்ற வழி தேவைப்படும். கவுன்டரில் யாரும் சொல்லாத விதி இதுதான்: தமிழ்நாடு மின்விநியோக விதித்தொகுப்பின் 27(4). ஓனர் சம்மதக் கடிதம் படிவம் 5. அவர் இல்லையென்றாலோ மறுத்தாலோ, நீங்கள் சட்டப்படி குடியிருப்பதற்கான சான்றையும், தகராறால் மின்வாரியத்துக்கு நஷ்டம் வந்தால் நானே பொறுப்பு என்று படிவம் 6-இல் பொறுப்புறுதிப் பத்திரத்தையும் கொடுத்து, வழக்கமான காப்புத்தொகையைப் போல இரண்டு மடங்கு கட்டினால், கடிதம் இல்லாமலேயே விண்ணப்பிக்கலாம். ஈபி ஆபீஸில் விண்ணப்பத்தை மறுத்தால், மறுப்பை எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள். விதி எண்ணைச் சொல்லிக் கேட்கிறவரிடம் பேச்சு மாறுகிறது. சொல்லித் தரவேண்டியவர்களே சொல்வதில்லை என்பதுதான் வருத்தம்.

குடியிருப்புச் சான்று என்றதும்தான் பலர் சிக்குகிறார்கள். கையில் இருப்பது பழைய 11 மாத ஒப்பந்தம், அதுவும் பதிவு செய்யாதது. வாடகை ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய tenancy.tn.gov.in தளம் இருக்கிறது. அந்தப் பதிவு எண் இருந்தால் குடியிருப்பை நிரூபிப்பது எளிது.

இன்னொரு எச்சரிக்கை. படிவம் 6 உங்களுக்கு மின்சாரம் வாங்கித் தரும், ஓனர் சுவரில் மீட்டர் மாட்டும் உரிமையைத் தராது. அவர் தடுத்தால் விஷயம் நீதிமன்றத்துக்குப் போகலாம், ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரத்தில் உறவும் கெட்டிருக்கும். எனவே இதைக் கடைசி வழியாக வையுங்கள். விண்ணப்பிக்கும் முன் எந்தக் கட்டண வகையில் இணைப்பு வரும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இலவச 100 யூனிட் இரண்டாவது முறையும் கிடைக்கும் என்று நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

கேட்டதற்காகக் கோபப்பட்டு ஓனர் உங்கள் வீட்டு மின்சாரத்தையோ தண்ணீரையோ நிறுத்தினால், அது வேறு விஷயம். அத்தியாவசிய வசதிகளை நிறுத்தக் கூடாது என்று அந்த வாடகைச் சட்டமே சொல்கிறது. வாடகை அதிகாரியிடம் அன்றே மனு கொடுங்கள், விசாரணை முடியும்வரை இணைப்பைத் திருப்பித் தரச் சொல்லி இடைக்கால உத்தரவு கேளுங்கள்.