தொழுகையைப் பிரார்த்தனை என்று எழுதாதீர்கள்

பெருநாள் வந்தால் போதும், 'இஸ்லாமியர்கள் சிறப்புப் பிரார்த்தனை நடத்தினர்' என்று செய்தி வந்துவிடுகிறது. படத்தில் இருப்பதோ தொழுகை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதற்காக, தமிழில் தெளிவாகப் பிரிந்து கிடப்பதை ஏன் ஒன்றாக்க வேண்டும்?

பிரார்த்தனை வடசொல். வேர்ப்பொருள், கேட்பது. தமிழில் வேண்டுதல். பழனிக்குக் காவடி எடுப்பதாக நேர்ந்துகொள்வதையும் பிரார்த்தனை என்கிறோமே, அங்கும் கேட்பதுதான் அடிப்படை.

தொழுகை அப்படியல்ல. உளூ என்று கைகால் முகம் கழுவி, மக்காவின் கஅபா இருக்கும் திசையான கிப்லாவை நோக்கி நின்று, ஓதி, குனிந்து, நெற்றி தரையில் படச் சஜ்தா செய்வது அது. நின்று குனிந்து சஜ்தா செய்யும் ஒரு சுற்று ரக்அத்; அதிகாலை ஃபஜ்ருக்கு 2 ரக்அத், அந்தி மக்ரிபுக்கு 3 என்று வேளையும் அளவும் கட்டாயம். 'நேர்வழி காட்டு' என்ற வேண்டல் அதற்குள் வருவது உண்மை. அதனால் முழுத் தொழுகையும் வேண்டல் ஆகிவிடாது. ஸலாம் கொடுத்து முடித்தபின், கையேந்தி, அம்மாவின் உடம்புக்காகத் தன் வாய்த்தமிழிலேயே ஒருவர் கேட்பது துஆ. அதற்கு வேளை வரையறை இல்லை, உளூ கூட நிபந்தனை இல்லை. பிரார்த்தனை என்ற சொல் பொருந்துவது இதற்குத்தான்.

தொழுகைக்குப் பொதுச்சொல் வேண்டுமென்றால் வழிபாடு இருக்கிறது. வழி, படு என்ற இரண்டும் சேர்ந்தது; பணிந்து பின்பற்றுவது என்பது பழம்பொருள். புறநானூற்றின் 10ஆம் பாட்டு 'வழிபடுவோரை வல்லறிதீயே' என்று சோழனைப் பார்த்துச் சொல்கிறது. அங்கே வழிபடுவோர் அவனுக்குப் பணிந்து நடப்பவர்கள். சைவத்தில் கோயிலைக் கூட்டி மெழுகுவது சரியை, பூசை கிரியை, இரண்டும் வழிபாடு. அடுத்த படி யோகம், அதில்தான் தியானம். அதற்கும் மேலே ஞானம். கவனியுங்கள், இந்த நான்கு படிகளில் வேண்டுதலுக்கென்று தனிப் படியே இல்லை.

தியானத்துக்கு 'ஊழ்கம்' என்று எழுதுவோர் இருக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. படித்தவுடன் ஊழ்வினைதான் நினைவுக்கு வருகிறது. பக்கத்தில் அடைப்புக்குறி போட்டுத் தியானம் என்று விளக்கினால்தான் பலருக்கு அது புரிகிறது. விளக்கம் தேவைப்படும் தூய்மை யாருக்குப் பயன்? தமிழ்தான் வேண்டுமென்றால் தேவாரத்தில் புழங்கும் 'உள்குதல்' இருக்கிறது. உள்ளத்தில் வைத்து இடைவிடாமல் நினைப்பது என்று அதுவே பொருளைச் சொல்லிவிடுகிறது. திருமூலர் அட்டாங்க யோகத்தில் தியானம் என்றே வைத்தார். பொதுவழக்கில் அது போதும்.

மொழிபெயர்ப்பாளர்கள் செய்யும் இன்னொரு பிழை, பௌத்தத் தியானத்தையும் 'கடவுளை அடையும் வழி' என்று எழுதுவது. சொல் ஒன்றுதான், பாலியில் ஜான, சீனத்தில் சான், ஜப்பானில் ஸென் என்று போயிருக்கிறது. ஆனால் அங்கே உட்காருபவர் யாரிடமும் எதையும் கேட்பதில்லை, அடைய ஒரு கடவுளும் இல்லை. மூச்சைக் கவனிக்கிறார், மனம் அடங்குகிறது, துக்கத்தின் காரணம் தெரிகிறது. அவர் தேடுவது துக்கம் அற்ற நிலையான நிப்பானம்.