அந்த மாடிப்படி உங்கள் தாத்தா வீட்டுடையது இல்லை

போன வாரம் குடியாத்தத்திலிருந்து ஒருவர் வந்தார். பையிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒரு படத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். "சார், இது எங்க கொள்ளுத்தாத்தா. 1910ல எடுத்தது. பெரிய ஜமீன் மாதிரி இருந்தவராம். பின்னாடி தெரியுதே, அதுதான் எங்க பழைய பங்களா. அவரை மட்டும் தனியா வெட்டி எடுத்து, கலர் போட்டு, பூஜை அறைக்கு ஒரு பெரிய சைஸ் வேணும்."

வேலூரில் நான் பழைய படங்களைச் சீர் செய்து கொடுக்கிறேன். இந்த வருடத்தில் மட்டும் என் மேசைக்கு வந்த ஏழாவது 'பங்களா' இது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அது பங்களா இல்லை. துணி. அந்தக் கால ஸ்டுடியோக்களில் சுவர் நீளத்துக்கு ஒரு திரை தொங்கும். மாடிப்படி, தூண், தோட்டம், தூரத்தில் ஒரு ஏரி, எல்லாம் ஓவியர் வரைந்தது. சந்தேகமாக இருந்தால் ஆட்களைப் பார்க்காதீர்கள், தரையைப் பாருங்கள். திரை தரையைத் தொடும் இடத்தில் ஓரம் சுருண்டிருக்கும், இல்லையென்றால் ஜமக்காளத்தின் மேல் மடிந்து கிடக்கும். அப்புறம் நிழலைப் பாருங்கள். இந்தப் படத்தில் தூணின் நிழல் வலப்பக்கம் விழுகிறது, உட்கார்ந்திருப்பவரின் மூக்கு நிழல் இடப்பக்கம் விழுகிறது. ஒரே வீட்டில் இரண்டு சூரியன் இருக்க முடியாது. இதையும் தாண்டி ஒரு சாட்சி என்னிடம் உண்டு. இதே மாடிப்படி, இதே உடைந்த கைப்பிடியோடு, பேரணாம்பட்டுக் குடும்பம் ஒன்றின் படத்திலும் இருக்கிறது. நான்தான் ஸ்கேன் செய்தேன். இரண்டு குடும்பத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒரே ஸ்டுடியோவுக்குப் போயிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

"அப்ப கோட்டு?" என்றார். கோட்டும் ஸ்டுடியோவுடையதுதான். படம் எடுக்க வருபவர்களுக்குப் போட்டுக்கொள்ளக் கோட்டு, சில இடங்களில் கைக்கடிகாரம், சட்டைப்பையில் செருகப் பேனா என்று வைத்திருப்பார்கள். இவர் போட்டிருக்கும் கோட்டின் தோள் தையல் தோளைத் தாண்டி இறங்கி நிற்கிறது. ஒரு பக்கக் கோட்டுக் கை விரல் முட்டிவரை மூடியிருக்கிறது. தனக்கென்று தைத்துக்கொண்டவர் கோட்டு அப்படியா இருக்கும்? இடுப்புக்குக் கீழே வந்தால் சாதாரண வேட்டி, செருப்பில்லாத கால். வாடகைக் கோட்டை விட அந்தக் கால் சொல்வதை நான் அதிகம் நம்புவேன்.

இனி 1910 என்ற கணக்கு. ஏன் 1910 என்று கேட்டேன். "படம் பழுப்பா இருக்கே சார்." இந்தப் பதிலைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். பழுப்பு என்பது வயது இல்லை. கறுப்பு வெள்ளைப் படத்தில் இருக்கும் வெள்ளியைக் கந்தகக் கரைசலில் போட்டு வேண்டுமென்றே பழுப்பாக்குவது ஒரு வேலை. சுதந்திரத்துக்குப் பிறகும் ஸ்டுடியோக்களில் அது நடந்தது. படம் நிலைத்து நிற்கப் போடும் ஹைப்போ என்ற ரசாயனத்தைச் சரியாகக் கழுவாமல் விட்டாலும் படம் நாளடைவில் மஞ்சளித்துப் பழுப்பாகும். போதாததற்கு விளக்குப் புகை. என் அப்பா ஒரு ஸ்டுடியோ இருட்டறையில் வேலை பார்த்தவர். தண்ணீர் கஷ்டம் வந்த கோடையில் கழுவிய படங்கள் எல்லாம் பத்து வருடத்தில் 'நூறு வயசு' ஆகிவிடும் என்று சிரிப்பார்.

சரி, வயதை எப்படித்தான் பார்ப்பது? படத்தைத் திருப்பினேன். அட்டையின் பின்னால் ரப்பர் முத்திரை. ஸ்டுடியோ பெயர் வேண்டாம், அதில் 'கலை' என்ற சொல் இருந்தது என்று மட்டும் சொல்கிறேன். அந்த 'லை' பழைய எழுத்து, யானைத் துதிக்கை போல மேலே சுழித்தது. தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது 1978ல். அதற்கு முன் செய்த முத்திரை என்று வைத்துக்கொள்ளலாம். ஊர் பெயருக்கு அடுத்து 'வ. ஆ.' என்று இருக்கிறது, வட ஆற்காடு. பின்கோடு இல்லை. பின்கோடு வந்தது 1972ல். முத்திரையில் 'சித்தூர், வட ஆற்காடு' என்று இருந்தால் அது இன்னும் பழையது, ஏனென்றால் 1911ல் சித்தூர் தனி மாவட்டமாகிவிட்டது. முத்திரை ஒரு பக்க எல்லையைத்தான் காட்டும். ஒரு முறை செய்த முத்திரையை இருபது வருடம் குத்துபவர்கள் இருந்தார்கள்.

மறு பக்க எல்லைக்கு உடைகளைப் பார்க்க வேண்டும். அவரது மறு கை மணிக்கட்டில் கடிகாரம். ஆண்கள் மணிக்கட்டில் கடிகாரம் கட்டுவது பரவியது முதல் உலகப் போருக்குப் பிறகுதான். இரவலாகவே இருந்தாலும், 1910ல் நம்ம ஊர் ஸ்டுடியோவில் அது கிடந்திருக்காது. பக்கத்தில் நிற்கும் அம்மாவின் ரவிக்கையில் தோளில் புடைத்த பஃப் கை. அதைப் பார்த்தால் எனக்கு நாற்பதுகள் என்றுதான் தோன்றும். மடியில் மூன்று வயதுப் பெண் குழந்தை, கையில் பொம்மை.

"இந்தக் குழந்தை யாரு?" என்றேன்.

"தெரியல சார். பெரிய அத்தைன்னு ஒருத்தவங்க இருக்காங்க, எண்பதைத் தாண்டிட்டாங்க."

போன் போடச் சொன்னேன். நான் அதற்குள் மற்ற வேலைகளைப் பார்த்தேன்.

கலர் போடுவதைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த அம்மா கட்டியிருப்பது கறுப்புச் சேலை என்று இவர்கள் வீட்டில் எல்லோரும் சொல்கிறார்களாம். குங்குமப் பொட்டைப் பாருங்கள், அதுவும் மை வைத்த மாதிரி கறுப்பு. அந்தக் காலத்தில் ஸ்டுடியோக்காரர்கள் பயன்படுத்திய பல ஃபிலிம்களுக்குச் சிவப்பு தெரியாது. அதனால்தான் அப்பா சிவப்பு விளக்கு வெளிச்சத்திலேயே கழுவினார். சிவப்பும் அரக்கும் படத்தில் கறுப்பாகும், நீலம் வெளுத்துப்போகும். படத்தை மட்டும் வைத்துக்கொண்டு சேலைக்கு நிறம் தருவேன் என்பவர் உங்களுக்குக் கதை எழுதித் தருகிறார். நானும் போட்டிருக்கிறேன், காசுக்காக. இப்போது முதலில் வீட்டுப் பெரியவர்களைக் கேட்கச் சொல்கிறேன்.

தயவுசெய்து சிலதைச் செய்யாதீர்கள். அட்டையை வெட்டாதீர்கள். ஃபிரேமுக்கு அடங்கவில்லை என்றால் ஃபிரேமை மாற்றுங்கள். லேமினேஷன் போடவே போடாதீர்கள், அதைத் திரும்பப் பிரிக்க முடியாது. கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள், கண்ணாடியோடு கொண்டு வாருங்கள், அப்படியே ஸ்கேன் செய்யலாம். பின்னால் பெயர் எழுதுவதாக இருந்தால் மெல்லிய பென்சில், பால்பாயிண்ட் வேண்டாம். ஸ்கேன் செய்தால் பின்பக்கத்தையும் சேர்த்துச் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமெண்டாக அனுப்புங்கள், போட்டோவாக அனுப்பினால் அது நசுக்கிவிடும். ஒருவரைத் தனியாக வெட்டி எடுத்தாலும் முழுப்படத்தின் நகல் ஒன்று வைத்திருங்கள். குழந்தையையும் பொம்மையையும் வெட்டியிருந்தால் அன்றைக்கு எனக்கு எதுவும் தெரிந்திருக்காது.

போனில் படத்தைப் பார்த்த அத்தை ஸ்பீக்கரில் பேசினார். "கொள்ளுத்தாத்தாவா? எவன்டா சொன்னான்? அது எங்க நைனா, உன் தாத்தாடா. லுங்கி தறி போட்டுக்கிட்டு இருந்தாரு, ஜமீனாம் ஜமீனு. மடியில இருக்கிறது நான்தான்." அம்மாவின் சேலை என்ன நிறம் என்று கேட்கச் சொன்னேன். அரக்கு என்று யோசிக்காமல் சொன்னார், கல்யாணச் சேலையாம், பெட்டியில் ரொம்ப நாள் இருந்ததாம். 1943ல் பிறந்தவர் அவர். அப்படியென்றால் படம் 1946 வாக்கில் எடுத்தது.

"அந்தப் பொம்மை ஞாபகம் இருக்கா பாட்டி?" என்று நான் குறுக்கே கேட்டேன்.

"இல்லாம? ஸ்டுடியோக்காரரோடது. படம் எடுத்து முடிச்சதும் கையிலிருந்து பிடுங்கிட்டாரு. கீழே இறங்கி வர்ற வரைக்கும் அழுதேன்னு எங்கம்மா சொல்லிக்கிட்டே இருப்பாங்க."