பிட்காயின் இ.டி.எஃப். பங்கை வாலட்டுக்கு மாற்ற முடியாது

காரைக்குடியில் கணக்குத் தணிக்கை செய்யும் என்னிடம் இந்த ஆண்டில் இதே கேள்வியோடு வந்தவர் இவர் நான்காமவர். சென்ற ஆண்டு தந்தையை இழந்த இளைஞர். அப்பச்சி என்று அவர் அழைத்த அந்தத் தந்தை சிங்கப்பூரில் வேலை பார்த்துத் திரும்பியவர். அங்குள்ள தரகு நிறுவனக் கணக்கில் அமெரிக்கச் சந்தையின் பிட்காயின் இ.டி.எஃப்., அதாவது பிட்காயினை வாங்கிக் குவித்துவைத்து அதன் மதிப்பைப் பங்குகளாக விற்கும் நிதியின் பங்குகளையும், தனியாக, பிட்காயினைச் செலவழிக்கும் ரகசியச் சாவியை வைத்திருக்கும் சிறு சாதனமான ஒரு ஹார்டுவேர் வாலட்டில் பிட்காயினையும் விட்டுச் சென்றிருந்தார். "பங்குகளை நாணயமாக மாற்றி அந்த வாலட்டிலேயே போட்டுவிடலாமா, ஐயா?" என்றார்.

முடியாது. 2024 ஜனவரி 11 முதல் அமெரிக்கச் சந்தைகளில் வணிகமாகும் இந்த நிதிகள், தம் நாணயங்களைப் பாதுகாவல் நிறுவனங்களிடம் வைத்திருக்கின்றன. நம் கையில் இருப்பது அந்தக் குவியலின் மதிப்பில் ஒரு பங்கு மட்டுமே. பங்கை நிதியிடம் திருப்பிக் கொடுத்துச் சொத்தைப் பெறுவது, நிதியோடு ஒப்பந்தம் செய்துகொண்ட பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமே இயலும். 2025 ஜூலையில் அதை நாணயமாகவே பெற அனுமதி கிடைத்ததும் அவர்களுக்குத்தான். அந்தச் செய்தியை அரைகுறையாகப் படித்துவிட்டு என்னோடு வாதாடுபவர்களுக்கு மறுபடியும் சொல்கிறேன்: நமக்குள்ள ஒரே வழி, சந்தை திறந்திருக்கும் நேரத்தில் பங்கை விற்றுப் பணமாக்குவது. அந்தப் பணத்தில் நாணயம் வாங்கினால் அது புதிய கொள்முதல். விற்றதற்கு வரிக்கணக்கு தனி.

இந்த நிதிகளின் கட்டணம் நம் கணக்கில் பற்றாக வராது. ஆண்டுக்கு 0.25 சதவீதம் என்றால், அதற்காக நிதி தன் நாணயங்களைச் சிறுகச் சிறுக விற்கும். ஒரு பிட்காயினுக்கு ஈடான பங்குகள் பத்தாண்டில் ஏறத்தாழ 0.975 பிட்காயினுக்கு ஈடாகச் சுருங்கிவிடும்.

அந்தக் கட்டணத்துக்கு என்ன கிடைக்கிறது என்பது இந்த வீட்டில் தெரிந்தது. தரகு நிறுவனம் இறப்புச் சான்றிதழையும் நீதிமன்ற ஆவணத்தையும் கேட்டு ஏழு மாதம் இழுத்தடித்தாலும், பங்குகள் வாரிசுகளுக்கு வந்து சேர்ந்தன. வாலட்டின் பின் எண் யாருக்கும் தெரியவில்லை. அதைத் தவறாக அழுத்தி அழுத்தி, சாதனம் தன்னைத் தானே அழித்துக்கொண்டது. அதில் பெரிய இழப்பில்லை, ஏனெனில் அந்தச் சாவியைத் திரும்ப உருவாக்கும் 24 மீட்புச் சொற்கள் இருந்தால் புதிய சாதனத்தில் எல்லாம் திரும்பிவிடும். அப்பச்சி அவற்றை ஒரு நோட்டில் எழுதிப் பெட்டகத்தில் வைத்திருந்தார். கரையான் அரித்தது போக மிஞ்சியவை முதல் 12 சொற்கள்.

"பாதி இருக்கிறதே, மீதியைக் கண்டுபிடிக்க முடியாதா?" என்றார் ஆச்சி. ஒரு சொல் மட்டும் போயிருந்தால், மீட்புச் சொற்களுக்கான பொதுப் பட்டியலில் உள்ள 2048 சொற்களையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துவிடலாம். பன்னிரண்டு போய்விட்டால் எந்தக் கணினியாலும் ஆகாது. மனு கொடுக்க இங்கே அலுவலகமும் இல்லை, நாமினியும் இல்லை.

நேரடியாக நாணயம் வைத்திருப்பவர்கள் சொற்களை எஃகுத் தகட்டில் பொறித்து, இரண்டு படிகளை இரண்டு இடங்களில் வையுங்கள். கைபேசியில் படம் எடுக்காதீர்கள். சொற்களைச் சொல்ல வேண்டாம், தகடு இருக்கும் இடத்தையாவது வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். பங்கு வைத்திருப்பவர்கள், வருமானவரிப் படிவத்தின் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் அதைக் காட்டத் தவறாதீர்கள்.

அப்பச்சியின் பழைய மின்னஞ்சலில் வாலட்டின் முகவரி கிடைத்தது. பிட்காயின் பரிமாற்றங்கள் எல்லாம் பதிவாகும் பொதுப் பேரேட்டில் அதைத் தேடினால், நாணயங்கள் இன்றும் அசையாமல் அங்கேயே இருப்பது தெரிகிறது.